நாற்றுக்கு ஆர்டர் வந்ததும் விதைக்கலாமா?

குழித்தட்டில் காய்கறி நாற்று வளர்த்து விற்பது இன்று பல சிறு விவசாயிகளுக்குத் துணை வருமானமாக இருந்து வருகிறது. இதில் நட்டம் ஏற்படுவதற்கு நோயும் பூச்சியும் மட்டும் காரணமல்ல. ஆர்டர் கொடுப்பவர் சொல்லாமல் விட்ட விவரத்தைக் கேட்டுக்கொள்ளாமல் விதைத்துவிடுவதும் ஒரு காரணமாகும்.

ஒட்டன்சத்திரம் பகுதியில் நாற்று வளர்க்கும் விவசாயி ஒருவருக்கு, "ஒரு ஏக்கருக்குத் தக்காளி நாற்று வேண்டும்" என்று தொலைபேசியில் ஆர்டர் வந்தது. அவர் தமது பழக்கப்படி வரிசைக்கு வரிசை 2 அடி, செடிக்குச் செடி ஒன்றரை அடி என்று கணக்கிட்டு, 14,500 நாற்றுகளைத் தயார் செய்தார். வாங்க வந்தவரோ 3 அடிக்கு 2 அடி இடைவெளியில் நடுபவர். 7,300 நாற்றுகளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மீதிப் பாதி தட்டிலேயே நின்று முற்றியது. இருவரும் பொய் சொல்லவில்லை. ஏக்கர் ஒன்றுதான், இடைவெளிதான் வேறு.

ஆகவே "எத்தனை ஏக்கர்?" என்பதோடு நிறுத்தாமல், "பாருக்குப் பார் எத்தனை அடி விடுகிறீர்கள்? செடிக்குச் செடி எத்தனை அடி?" என்றும் கேட்க வேண்டும். ஒரு ஏக்கர் என்பது 43,560 சதுர அடி. 3 அடிக்கு 2 அடி என்றால் ஒரு செடிக்கு 6 சதுர அடி. ஏக்கருக்கு 7,260 செடிகள். பட்டுப்போன இடத்தில் மறு நடவு செய்ய நூற்றுக்கு 5 கூட்டினால் 7,623 ஆகும். நூறு விதைக்குத் தொண்ணூறு நல்ல நாற்று தேறும் என்று வைத்துக்கொண்டால் 8,470 விதை ஊன்ற வேண்டும். 98 குழியுள்ள தட்டானால் 87 தட்டுகள் தேவைப்படும். இந்தக் கணக்கை வாங்குபவருக்கும் படித்துக் காட்டிச் சம்மதம் பெறுவது நல்லது.

அடுத்து நடவுத் தேதி. தக்காளி நாற்று ஏறக்குறைய 25 நாளில் நடவுக்குத் தயாராகிவிடும். ஜூன் 10-இல் நடவு என்றால் மே 16-இல் விதைக்க வேண்டும். நாள் தள்ளிப்போனால் வேர் குழிக்குள் சுருண்டு, தண்டு நெட்டையாக வளர்ந்துவிடும். தண்ணீரைக் குறைத்துச் சில நாட்கள் நிறுத்தி வைக்கலாமே தவிர, அதற்குமேல் தாங்காது. "உழவு முடிந்ததா, சொட்டுநீர்க் குழாய் போட்டாகிவிட்டதா?" என்று கேட்டால் சொன்ன தேதி நிலைக்குமா என்பது தெரிந்துவிடும். ரகத்தின் பெயரையும், விதை யார் வாங்குவது என்பதையும் அப்போதே கேட்டுவிட வேண்டும். "நல்ல வீரிய ஒட்டு ரகமாகப் போடுங்கள்" என்பது பதிலாகாது.

நாற்றைப் பெற்றுக்கொள்பவர் யார் என்பதும் முக்கியம். ஆர்டர் கொடுத்தவர் நகரத்தில் இருப்பார். தோட்டத்தில் இருப்பவர் வேறொருவராக இருப்பார். தோட்டம் தெரியாமல் வண்டி வெயிலில் நின்றால் நாற்று வாடிவிடும். எனவே தோட்டத்தில் இருப்பவரின் பெயர், தொலைபேசி எண், வழி அடையாளம், வண்டி தோட்டம் வரை போகுமா என்ற விவரங்களை வாங்கி, அனுப்புவதற்கு முதல் நாளே அந்த எண்ணுக்குப் பேசிப் பார்க்க வேண்டும்.

வாங்குபவர் கம்பெனியாகவோ உழவர் உற்பத்தியாளர் நிறுவனமாகவோ இருந்தால், பில்லில் போடவேண்டிய முழுப் பெயரையும் ஜி.எஸ்.டி. எண்ணையும் கேட்க வேண்டும். நாற்றுக்கு இந்த வரி கிடையாது. இருந்தாலும் அவர்களுடைய கணக்குப் பிரிவினர் எண் இல்லாத பில்லைத் திருப்பி அனுப்பக்கூடும். பணம் வருவது தாமதமாகும். அந்த எண்ணில் எழுத்தும் இலக்கமுமாக 15 இடங்கள் இருக்கும். தமிழ்நாட்டில் பதிவானது 33 என்று தொடங்கும். வாய்மொழியாகக் கேட்டு எழுதாமல், எழுத்தில் அனுப்பச் சொல்வதே மேல்.

இவற்றையெல்லாம் நாளுக்கொன்றாகக் கேட்டால் வாங்குபவர் சலித்துக்கொள்வார். ஒரே பேச்சில் கேட்டு, குறித்துக்கொண்டதை வாட்ஸ்அப்பில் அனுப்பி, "இதில் தவறு இருந்தால் சொல்லுங்கள்" என்று கேட்கலாம். பதில் வராவிட்டால், "அண்ணா, இடைவெளியும் ரகமும் 14-ஆம் தேதிக்குள் தெரிந்தால்தான் 16-ஆம் தேதி விதைக்க முடியும். தள்ளினால் நடவும் அத்தனை நாள் தள்ளும்" என்று கெடுவைச் சொல்லிவிட வேண்டும். பதிலும் முன்பணமும் வரும்வரை விதைப் பாக்கெட்டைப் பிரிக்க வேண்டாம். பிரிக்காத பாக்கெட்டை அடுத்த ஆர்டருக்கு வைத்துக்கொள்ளலாம். முளைத்த நாற்றை அப்படி வைத்திருக்க முடியாது.