68 கிராம் எங்கிருந்து வந்தது?

56 கிராம் நைட்ரஜனும் 10 கிராம் ஹைட்ரஜனும் வினைபுரிந்தால் எவ்வளவு அம்மோனியா கிடைக்கும்? பல மாணவர்கள் 68 கிராம் என்று எழுதுவார்கள். போட்டதே 66 கிராம்தான். அதற்குமேல் எப்படி வரும்?

தவறைத் தேட முதலில் சமன்பாட்டைப் பாருங்கள்: N₂ + 3H₂ → 2NH₃. இருபுறமும் நைட்ரஜன் அணு 2, ஹைட்ரஜன் அணு 6. அது சரி.

அடுத்து மோல். நைட்ரஜன் 56/28 = 2 மோல்; ஹைட்ரஜன் 10/2 = 5 மோல். எண்ணிக்கையில் நைட்ரஜன் குறைவு என்பதால் அதுவே முதலில் தீரும் என்று நினைத்துவிடுகிறோம். தவறு இங்கேதான். 2 மோல் நைட்ரஜனுக்கு 6 மோல் ஹைட்ரஜன் வேண்டும், இருப்பது 5. ஆகவே ஹைட்ரஜன்தான் வினைக்கட்டுப்பாட்டுக் காரணி.

மோல் விகிதம் 3:2 என்பதால் அம்மோனியா 5 × 2/3 = 3.33 மோல், அதாவது 56.7 கிராம். செலவான நைட்ரஜன் 1.67 மோல், மிச்சம் 0.33 மோல், 9.3 கிராம். இப்போது கூட்டுங்கள்: 56.7 + 9.3 = 66. போட்ட எடை அப்படியே திரும்பி வருகிறது.

மிச்சம் எதிர்க்குறியில் வந்தால், காரணியை மாற்றி எடுத்துவிட்டோம் என்று பொருள். இந்த 56.7 கிராம் உச்ச அளவு மட்டுமே. இவ்வினை மீள்வினை என்பதால் நடைமுறையில் குறைவாகவே கிடைக்கும்.