உஷார்! தொடாத மெஷினை ரெஸ்யூமில் எழுதாதீர்கள்

டி.எம்.எல்.டி. முடித்து ஆஸ்பத்திரி லேப் வேலைக்கு விண்ணப்பிக்கும் தம்பி தங்கைகளே, சீனியர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய ரெஸ்யூமில் பெயரையும் போட்டோவையும் மட்டும் மாற்றி அனுப்பும் பழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். அந்தத் தாளில் இருக்கும் மெஷின் பட்டியல் அவர் கையாண்டது. நீங்கள் கையாண்டது அல்ல. சிஸ்மெக்ஸ், கோபாஸ், பயோ-ராட் என்று வரிசையாக எழுதியிருப்பதை ஆஸ்பத்திரி அப்படியே நம்பினால், வேலையில் சேர்ந்த சில நாட்களிலேயே இரவு டியூட்டியில் தனியாக நிற்க வைத்துவிடுவார்கள். பக்கத்தில் கேட்க ஆள் இருக்காது.

நேர்காணலில் நான் வழக்கமாகக் கேட்கும் கேள்வி ஒன்று. "சோடியம், பொட்டாசியம், கால்சியம் எல்லாம் செய்வேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். வெளிநோயாளி ஒருவர் நடந்து வந்து ரத்தம் கொடுத்துவிட்டுப் போகிறார். பொட்டாசியம் 8.2, கால்சியம் 5 என்று வருகிறது. சீரம் தெளிவாக இருக்கிறது, ரத்த அணுக்கள் உடைந்த சிவப்பு இல்லை. என்ன செய்வீர்கள்?

முக்கால்வாசிப் பேர் "ரிப்பீட் போடுவேன் சார்" என்கிறார்கள். அதே சாம்பிளை எத்தனை முறை ஓட்டினாலும் அதே எண்தான் வரும். மெஷின் சரியாகத்தான் இருக்கிறது, கெட்டது சாம்பிள். ஊதா மூடிக் குழாயில் இருப்பது பொட்டாசியம் சேர்ந்த ஈ.டி.டி.ஏ. அந்தக் குழாயிலிருந்து கொஞ்சம் ரத்தம் சீரம் குழாய்க்குள் போய்விட்டால் பொட்டாசியம் எகிறும். ஈ.டி.டி.ஏ. கால்சியத்தைப் பிடித்துக்கொள்வதால் கால்சியம் விழும். இந்த இரண்டும் சேர்ந்து வந்தாலே முதலில் குழாயைச் சந்தேகிக்க வேண்டும். ரிப்போர்ட்டை நிறுத்தி, டாக்டருக்கோ சிஸ்டருக்கோ போன் போட்டு, புது சாம்பிள் கேட்க வேண்டும். உண்மையிலேயே அந்த டெஸ்ட்டைச் செய்து பழகியவர் இதை உடனே சொல்லிவிடுவார். சொல்லத் தெரியாதவர் அந்த எண்ணை அப்படியே வெளியே விட்டால், நல்ல நிலையில் இருக்கும் ஒருவருக்குப் பொட்டாசியத்தை இறக்கும் சிகிச்சை தொடங்கிவிடும். ரிப்போர்ட்டில் டெக்னீஷியன் இடத்தில் இருப்பது உங்கள் கையெழுத்து!

எனவே எழுதும்போதே மூன்றாகப் பிரியுங்கள்: தனியாக இயக்கியது, மேற்பார்வையில் செய்தது, பார்த்தது மட்டும். இப்படி ஒரு வரி இருக்கட்டும்: "எர்பா கெம் 7, அரைத் தானியங்கி பயோகெமிஸ்ட்ரி அனலைசர். சர்க்கரை, யூரியா, கிரியாட்டினின். தினமும் காலையில் கன்ட்ரோல் ஓட்டி, லெவி-ஜென்னிங்ஸ் சார்ட்டில் குறித்தேன். ஜூன் 2023 முதல் டிசம்பர் 2024 வரை, தனியாக." அடுத்த வரி: "கோபாஸ் இ411. டி.எஸ்.எச். சீனியர் மேற்பார்வையில் சாம்பிள் ஏற்றியது மட்டும்." இரண்டாவது வரியால் வேலை போய்விடும் என்று பயப்படாதீர்கள். எதைக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று அது எங்களுக்குத் தெளிவாகச் சொல்கிறது. கன்ட்ரோல் பற்றிய வரியும் சும்மா இல்லை. அதைப் பார்த்தால், கன்ட்ரோல் 3 எஸ்.டி.யைத் தாண்டிய நாளில் என்ன செய்தீர்கள் என்று கண்டிப்பாகக் கேட்போம். நோயாளி ரிப்போர்ட்டுகளை நிறுத்திவிட்டுக் காரணம் தேடினேன் என்று சொன்னால், பெரிய மெஷின் பெயர்கள் பத்தை விட அதற்கு மதிப்பு அதிகம்.

இன்னொரு ஆபத்தான வரி, "என்.ஏ.பி.எல். சான்று பெற்ற டெக்னீஷியன்". என்.ஏ.பி.எல். அங்கீகாரம் லேபுக்குத்தான், தனி ஆளுக்குக் கிடையாது. அந்த வரியைப் பார்த்ததுமே மற்ற வரிகளின் மேலும் சந்தேகம் வந்துவிடும். "என்.ஏ.பி.எல். அங்கீகாரம் பெற்ற லேபில் பணி" என்று எழுதுங்கள், அதுவும் அப்படிப்பட்ட லேபில் வேலை பார்த்திருந்தால் மட்டும்.

பார்மசிஸ்டுகளுக்கும் இதில் ஒன்று சொல்ல வேண்டும். 1948 பார்மசி சட்டப்படி மாநில கவுன்சிலில் வாங்கிய பதிவு எண்ணையும், அது எதுவரை செல்லும் என்பதையும் ரெஸ்யூமில் போடுங்கள். ஆனால் பதிவுச் சான்றிதழின் நகலை முன்பின் தெரியாத ஏஜென்ட்டுக்கு அனுப்பவே கூடாது. மருந்துக்கடை உரிமம் வாங்க ஒரு பார்மசிஸ்டின் சான்றிதழ் வேண்டும். நீங்கள் மிதிக்காத கடையின் உரிமத்தில் உங்கள் பெயர் ஏறிவிட்டால், அங்கே நடக்கும் தவறுக்கும் பதில் சொல்லும் நிலைக்குத் தள்ளப்படுவீர்கள். நேர்காணலில் நகல் கேட்டால், அதன் குறுக்கே ஆஸ்பத்திரியின் பெயர், தேதி, "வேலை விண்ணப்பத்துக்கு மட்டும்" என்று எழுதிக் கையெழுத்திட்டு, அதன் பிறகு கொடுங்கள்.