நீலம் தோன்றும் நொடி: கிளர்வு ஆற்றலை அளப்பது எப்படி?

கூம்புக் குடுவையில் தண்ணீர் போலத் தெளிந்த ஒரு கரைசல். அதில் அதேபோல் தெளிந்த இன்னொரு கரைசலை ஊற்றி ஸ்டாப்வாட்சை அழுத்துகிறோம். அரை நிமிடம், ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம் ஆகியும் குடுவையில் எந்த மாற்றமும் இல்லை. நூறாவது நொடியில், கண் இமைப்பதற்குள், குடுவை முழுவதும் கருநீலமாகிவிடுகிறது. வேதியியல் ஆய்வகத்தில் முதன்முறை இதைப் பார்க்கும் மாணவர்கள் பெரும்பாலும் இன்னொரு தடவை செய்து பார்க்கிறார்கள். அப்படித் திரும்பத் திரும்பச் செய்து, ஒவ்வொரு முறையும் வெப்பநிலையை மட்டும் மாற்றினால், அந்த வினையின் கிளர்வு ஆற்றலைக் கணக்கிட்டுவிடலாம். மூலக்கூறுகள் மோதும்போது வினை நடக்க ஏறிக் கடக்க வேண்டிய மேட்டின் உயரம்தான் கிளர்வு ஆற்றல். அந்த மேட்டை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. ஆனாலும் ஒரு தெர்மாமீட்டரும் ஒரு ஸ்டாப்வாட்சும் இருந்தால் அதன் உயரத்தைச் சொல்லிவிடலாம்.

குடுவைக்குள் நடப்பது இதுதான். பெர்சல்ஃபேட்டும் அயோடைடும் மெதுவாக வினைபுரிந்து அயோடினைத் தருகின்றன. அயோடின் ஸ்டார்ச்சைத் தொட்டால் நீலம் வரும். ஆனால் நாம் முன்கூட்டியே கொஞ்சம் சோடியம் தயோசல்ஃபேட்டைச் சேர்த்திருக்கிறோம். உண்டாகும் அயோடினை அது உடனுக்குடன் திரும்ப அயோடைடாக்கிவிடுகிறது. தயோசல்ஃபேட் தீர்ந்த நொடியில் அடுத்து உண்டாகும் அயோடினைத் தடுக்க ஆளில்லை. நீலம் எட்டிப் பார்க்கிறது. ஆக, நாம் அளக்கும் நேரம் என்பது ஒரு குறிப்பிட்ட அளவு அயோடின் உருவாக எடுத்துக்கொள்ளும் நேரம்.

அளவுகளைப் பார்ப்போம். ஒரு குடுவையில் 0.20 M பொட்டாசியம் அயோடைடு 20 மி.லி., 0.020 M தயோசல்ஃபேட் 5 மி.லி., ஸ்டார்ச் கரைசல் 5 மி.லி. இன்னொன்றில் 0.10 M அம்மோனியம் பெர்சல்ஃபேட் 20 மி.லி. கலந்தபின் மொத்தம் 50 மி.லி. அப்போது அயோடைடு 0.080 M, பெர்சல்ஃபேட் 0.040 M, தயோசல்ஃபேட் 0.0020 M. ஒரு அயோடின் மூலக்கூறை மாற்ற இரண்டு தயோசல்ஃபேட் அயனிகள் தேவை. எனவே நீலம் வரும்வரை உருவான அயோடின் 0.0010 M. இதை நேரத்தால் வகுத்தால் வினையின் வேகம். அந்த வேகத்தை இரண்டு செறிவுகளின் பெருக்கலால், அதாவது 0.0032 ஆல், வகுத்தால் வேக மாறிலி k. சுருக்கமாக, k = 0.3125/t. நூறு நொடி என்றால் k = 0.003125 M⁻¹s⁻¹. இந்த நேரத்துக்குள் பெர்சல்ஃபேட்டில் நாற்பதில் ஒரு பங்குதான் செலவாகிறது. அதனால் செறிவு மாறவில்லை என்று எடுத்துக்கொள்வதில் பெரிய பிழை இல்லை.

இனி வெப்பநிலை. எடுத்துக்காட்டுக்கு ஒரு மாணவியின் ரெக்கார்டு நோட்டில் இப்படி ஐந்து அளவீடுகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம்:

10 °C: 214 நொடி
20 °C: 100 நொடி
30 °C: 50 நொடி
40 °C: 26 நொடி
50 °C: 17 நொடி

இவற்றை ஒரே கோட்டில் கோக்கும் சமன்பாட்டுக்கு ஸ்வீடனைச் சேர்ந்த ஸ்வாந்தே அர்ஹீனியஸின் பெயர். அமிலத்தில் கரும்புச் சர்க்கரை பிளவுபடும் வேகத்தை வைத்து 1889-இல் அவர் எழுதிய கட்டுரையில் இந்தக் கருத்தை நிலைநிறுத்தினார். அறிக்கையில் நமக்குப் பயன்படும் வடிவம் இது:

ln k = ln A − Ea/(RT)

இங்கே Ea கிளர்வு ஆற்றல். R என்பது 8.314 J K⁻¹ mol⁻¹, T கெல்வினில். ln k-ஐ நெடுக்கு அச்சிலும் 1/T-ஐக் கிடை அச்சிலும் குறித்தால் இறங்கும் நேர்கோடு வரும். அதன் சாய்வு −Ea/R. சாய்வை 8.314 ஆல் பெருக்கி, குறியை மாற்றினால் கிளர்வு ஆற்றல் ஜூலில் கிடைக்கும். செல்சியஸை அப்படியே போட்டு 1/10, 1/20 என்று குறித்தவர்களுக்கு நேர்கோடே வராது. புள்ளிகள் வளைந்து நின்றால் முதலில் பார்க்க வேண்டியது 273.15-ஐக் கூட்டினோமா என்பதைத்தான்.

மாணவி ஐந்து புள்ளிகளையும் எக்செல்லில் போட்டு =SLOPE() கொடுக்கிறாள். சாய்வு −5884 K. கிளர்வு ஆற்றல் 48.9 கிலோஜூல்/மோல். R² மதிப்பு 0.996. பெரும்பாலான அறிக்கைகள் இந்த இடத்தில் முடிந்துவிடும். 'R² ஒன்றுக்கு மிக அருகில் இருப்பதால் முடிவு நம்பகமானது' என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுவார்கள்.

அந்த வரி தவறு. ஒவ்வொரு புள்ளியும் கோட்டிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறது என்று தனியாகக் கணக்கிட்டுப் பாருங்கள். வரிசையாக −0.04, +0.01, +0.04, +0.07, −0.08. இரு முனைகளும் கோட்டுக்குக் கீழே, நடுவில் உள்ள மூன்றும் மேலே. தற்செயலான பிழை என்றால் விலகல்கள் ஒழுங்கில்லாமல் மேலும் கீழும் சிதறிக் கிடக்க வேண்டும். இப்படி வில் போல வளைந்தால் எங்கோ ஒரு தவறு ஒளிந்திருக்கிறது. ln k மைனஸ் நான்கிலிருந்து மைனஸ் ஆறரை வரை நீண்ட தூரம் இறங்கும்போது எந்தக் கோட்டுக்கும் R² உயர்வாகத்தான் வரும். கோடு எவ்வளவு இறங்குகிறது என்பதற்கு அது சாட்சி சொல்லும். புள்ளி சரியான இடத்தில் இருக்கிறதா என்பதற்குச் சொல்லாது.

முதல் நான்கு புள்ளிகளை மட்டும் வைத்துக் கோடு போட்டால் சாய்வு −6224 K, கிளர்வு ஆற்றல் 51.7 கிலோஜூல்/மோல். விலகல்கள் எல்லாம் 0.01-க்குள் அடங்குகின்றன. அந்தக் கோட்டை நீட்டினால் 50 °C-இல் 14 நொடியில் நீலம் வந்திருக்க வேண்டும். மாணவி அளந்தது 17. இந்த மூன்று நொடி எங்கிருந்து வந்தது?

நீர்த்தொட்டியின் தெர்மாமீட்டர் 50 காட்டியது உண்மை. ஆனால் கரைசலை ஊற்றும்போதும், குடுவையை வெளியே எடுத்துக் குலுக்கும்போதும், வெள்ளைத் தாள்மேல் வைத்து நிறத்தைக் கவனிக்கும்போதும் சூடு குறைந்துகொண்டே வருகிறது. கோட்டின்படி 17 நொடிக்கு உரிய வெப்பநிலை 46.8 °C. அதாவது கலவை மூன்று டிகிரி ஆறியிருந்தாலே போதும், புதிர் அவிழ்ந்துவிடும். 10 °C-இல் எதிர்த்திசையில் இதே பிழை நடக்கலாம். அறையின் சூடு குடுவைக்குள் புகுந்து வினையை விரைவுபடுத்தும். இரண்டு பிழைகளும் கோட்டைச் சரித்துக் கிளர்வு ஆற்றலைக் குறைத்தே காட்டும்.

ஆறியதுதான் காரணமா என்பதை ஊகத்தால் தீர்க்கக் கூடாது. புள்ளி கோட்டில் விழ வேண்டும் என்பதற்காக 50-ஐ அடித்துவிட்டு 46.8 என்று எழுதுவது பொய்க்கணக்கு. செய்ய வேண்டியது ஒன்றுதான்: தெர்மாமீட்டரைக் குடுவைக்குள்ளேயே வைத்து, குடுவையைத் தொட்டியிலிருந்து எடுக்காமல், அந்த அளவீட்டைத் திரும்பச் செய்வது. கலந்தவுடன் ஒரு தடவை, நீலம் வந்தவுடன் ஒரு தடவை வெப்பநிலையைக் குறித்து, இரண்டின் சராசரியை எடுத்துக்கொள்ள வேண்டும். கலவை 50-இலேயே நின்றும் நீலம் தாமதமாக வந்தால் குற்றவாளி வேறு. ஸ்டார்ச்சும் அயோடினும் சேர்ந்து தரும் நீலம் சூட்டில் வெளிறும். கண் அதைப் பிடிக்கப் பிந்தும். அப்போது அந்த வெப்பநிலையை விட்டுவிட்டு, இடையில் 15, 25, 35 °C என்று புள்ளிகளைக் கூட்டுவதே நல்லது.

வெப்பநிலைக்கு ஏன் இவ்வளவு கவனம் என்று கேட்கலாம். இந்தக் கணக்கில் ஒரு அழகான விஷயம் இருக்கிறது. பெர்சல்ஃபேட் கரைசல் 0.10 M-க்குப் பதில் 0.09 M ஆக இருந்தாலும், எல்லா அளவீட்டிலும் அதே கரைசலைப் பயன்படுத்தியிருந்தால், எல்லா k-யும் ஒரே விகிதத்தில் மாறும். ln k-இல் கோடு முழுவதும் சற்று மேலோ கீழோ நகரும், சாய்வு மாறாது. கிளர்வு ஆற்றலுக்கு ஆபத்து இரண்டு கருவிகளிலிருந்துதான் வருகிறது: தெர்மாமீட்டரும் ஸ்டாப்வாட்சும்.

ஸ்டாப்வாட்சின் ஆபத்தைக் குறைக்கத்தான் பல வெப்பநிலைகள். 30, 40 °C என்ற இரண்டு புள்ளிகளை மட்டும் வைத்தால் 51.6 கிடைக்கிறது. ஆனால் 26 நொடியை 27 என்று ஒரே ஒரு நொடி தவறாக அளந்திருந்தால் விடை 48.6 ஆகிவிடும். 10, 40 என்று தள்ளியிருக்கும் புள்ளிகளில் அதே ஒரு நொடி, விடையை 51.8-இலிருந்து 50.9 ஆக மட்டுமே மாற்றும். புள்ளிகள் எவ்வளவு விலகி இருக்கின்றனவோ அவ்வளவு உறுதியாகச் சாய்வு நிற்கும்.

51.7 என்ற எண் எதைச் சொல்கிறது? அர்ஹீனியஸ் சமன்பாட்டின் exp(−Ea/RT) என்ற பகுதியைக் கணக்கிட்டால், 20 °C-இல் ஏறத்தாழ 160 கோடி மோதல்களில் ஒன்றுக்குத்தான் மேட்டைக் கடக்கும் வலு இருக்கிறது. 30 °C-இல் அது 80 கோடியில் ஒன்றாகிறது. பத்து டிகிரியில் மோதல்களின் எண்ணிக்கை பெரிதாகக் கூடவில்லை. மேட்டைத் தாண்டக்கூடியவை இரட்டிப்பாகின. நூறு நொடி ஐம்பதானது அதனால்தான்.

அறிக்கையின் கடைசி வரியை எப்படி எழுதுவது? நான்கு புள்ளிகளின் சாய்வில் திட்டப்பிழை 23 K; அதிலிருந்து 95 சதவீத நம்பக எல்லை சுமார் ±0.8 கிலோஜூல். ஆகவே 51.746 என்று கால்குலேட்டர் காட்டியதை எல்லாம் எழுத வேண்டாம். 'கிளர்வு ஆற்றல் 51.7 ± 0.8 கிலோஜூல்/மோல், 10 முதல் 40 °C வரை. 50 °C அளவீட்டில் கலவை ஆறியிருக்கலாம் என்ற ஐயத்தால் கோட்டில் சேர்க்கவில்லை, ஆனால் வரைபடத்தில் காட்டப்பட்டுள்ளது' என்று எழுதுங்கள். விட்ட புள்ளியை மறைக்காமல் காரணத்தோடு காட்டும் அறிக்கைதான் நேர்மையான அறிக்கை.