மூன்று இலக்கமா, பத்து இலக்கமா?

ரயில் டிக்கெட்டின் நிலையை அறிய 139 என்ற எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்புகிறோம். வருங்கால வைப்பு நிதிக் கணக்கின் இருப்பை அறிய 7738299899-க்கு அனுப்புகிறோம். முதலாவது ஷார்ட் கோடு எனப்படும் குறு எண். மற்றது வழக்கமான பத்து இலக்க எண். இரண்டுக்கும் வேறுபாடு எண்ணின் நீளத்தில் மட்டும் இல்லை.

பத்து இலக்க எண் எந்த மொபைல் எண்ணையும் போல ஒரு தொலைபேசி நிறுவனத்துக்கு உரியது. அதற்கு எந்த நிறுவனத்தின் சிம்மிலிருந்தும் செய்தி போய்ச் சேரும். முன்னால் +91 சேர்த்தால் துபாயிலிருந்தும் சேரும். குறு எண்ணுக்கு அப்படிப் பொதுவான முகவரி கிடையாது. ஒவ்வொரு நிறுவனமும் தன் செய்தி மையத்தில், இந்த எண்ணுக்கு வருவதை இன்னாரிடம் சேர்க்க வேண்டும் என்று தனித்தனியாகப் பதிந்து வைத்தால்தான் அது வேலை செய்யும். பதியாத நிறுவனத்தின் சந்தாதாரருக்கும் வெளிநாட்டில் இருப்பவருக்கும் அது இல்லாத எண்தான். இந்தியச் சேவையில் சேர்ந்திருக்கும் சிங்கப்பூர்வாசி குறு எண்ணுக்குப் பதில் அனுப்பினால் செய்தி போகாது.

தனித்தனியாகப் பதிய வேண்டியிருப்பதால் குறு எண்ணுக்குத் தனிக் கட்டணம் வைக்கவும் முடிகிறது. ரீசார்ஜ் திட்டத்தில் அன்றாடம் கிடைக்கும் இலவச எஸ்எம்எஸ்கள் பெரும்பாலும் இதற்குச் செல்லாது. இந்த வசதியைத் தொலைக்காட்சிகள் முழுமையாகப் பயன்படுத்திக்கொண்டன. 2007-இல் ஸ்டார் பிளஸில் வந்த 'கோன் பனேகா குரோர்பதி' நிகழ்ச்சியோடு பார்வையாளர்களுக்கும் ஒரு போட்டி நடந்தது. எளிய கேள்விக்கு எஸ்எம்எஸ்ஸில் விடை அனுப்ப வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒருவருக்கு 2 லட்சம் ரூபாய் பரிசு. ஒரு செய்திக்குக் கட்டணம் 2.40 ரூபாய். வந்தவை சுமார் 5.8 கோடி செய்திகள் என்று வழக்கில் சொல்லப்பட்டது. அந்தக் கணக்குப்படி வசூல் 13 கோடி ரூபாயைத் தாண்டுகிறது. பரிசுகளின் மொத்தமோ ஏறத்தாழ ஒரு கோடி. பங்கேற்றவர்களின் பணத்திலிருந்தே பரிசு தரப்பட்டது என்று கருதிய தேசிய நுகர்வோர் ஆணையம், 2008-இல் ஒரு கோடி ரூபாய் தண்டத் தொகை விதித்தது. போதிய ஆதாரம் இல்லை என்று பின்னர் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. தீர்ப்பு எப்படி இருந்தாலும், விலை எங்கே ஒளிந்திருந்தது என்பதை இந்த வழக்கு காட்டிவிட்டது.

பத்து இலக்க எண்ணில் இந்த ஏற்பாடு நடக்காது, சாதாரணக் கட்டணம்தான். பெரிய பொதுச் சேவைகள் பல அதைத் தேர்ந்ததற்கு இது நல்ல காரணம். வைப்பு நிதி உறுப்பினர் தன் பதிவு செய்த மொபைலிலிருந்து இப்படி அனுப்பினால் போதும்:

```
EPFOHO UAN TAM
```

கடைசி மூன்று எழுத்துகள் பதில் தமிழில் வேண்டும் என்பதைக் குறிக்கின்றன. இங்கே கடவுச்சொல் கேட்பதில்லை. செய்தி எந்த எண்ணிலிருந்து வந்தது என்பதே அடையாளம். யுபிஐ செயலிகளும் இதே வழியில்தான் சிம்மைச் சரிபார்க்கின்றன. பதிவின்போது நம் போனிலிருந்தே ஒரு செய்தியை அனுப்பி, அது வந்த எண்ணைப் பார்க்கின்றன. இரண்டு சிம் உள்ள போனில் தவறான சிம்மைத் தேர்ந்தாலோ, எஸ்எம்எஸ் அனுப்ப இருப்பு இல்லாவிட்டாலோ பதிவு தோற்கிறது.

நாம் அனுப்பும் செய்திக்கு நம் சிம் சாட்சி. நமக்கு வரும் செய்திக்கு யார் சாட்சி? பத்து இலக்க எண்ணை யாரும் ஒரு சிம் வாங்கிப் பெற்றுவிடலாம். இன்றிரவு மின்சாரம் துண்டிக்கப்படும், உடனே இந்த எண்ணை அழையுங்கள் என்று மிரட்டிய மோசடிச் செய்திகள் அப்படிப்பட்ட எண்களிலிருந்துதான் வந்தன. அதனால் இந்தியாவில் வங்கிகளும் நிறுவனங்களும் எண்ணுக்குப் பதிலாக, முன்பே பதிவு செய்த ஆறெழுத்துத் தலைப்பில் அனுப்ப வேண்டும். 2025 முதல் அதன் கடைசியில் ஓர் எழுத்தும் வருகிறது: -P விளம்பரம், -S சேவை, -T பணப் பரிவர்த்தனை, -G அரசு. வங்கியின் பெயரில் பத்து இலக்க எண்ணிலிருந்து செய்தி வந்தால் அதிலுள்ள இணைப்பைத் தொடாமல் இருப்பதே சரி.

தலைப்புக்கு ஒரு குறை உண்டு. அதற்குப் பதில் அனுப்ப முடியாது. 'இது நான் செய்ததல்ல' என்று வாடிக்கையாளர் சொல்ல நினைத்தால், செய்தியின் உள்ளே தரப்பட்ட வேறொரு எண்ணையே நம்ப வேண்டியிருக்கிறது. அந்த எண்ணை வங்கி அட்டையின் பின்புறத்தில் உள்ளதோடு ஒப்பிட்டுவிட்டு அழைப்பது பாதுகாப்பு. வேண்டாத விளம்பரச் செய்தியைப் பற்றி, வந்த ஏழு நாட்களுக்குள் 1909-க்குப் புகார் அனுப்பலாம். இதுவும் குறு எண்தான். இதற்குக் கட்டணம் இல்லை.