பத்தியிலிருந்து கேள்வி-பதிலுக்கு

மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் எடுத்த பேட்டி, பத்தியாக இப்படி எழுதப்பட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம்:

மழை நாளில் கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர்தான் போடுவார்கள் என்றார் பாட்டி. யாரிடம் முறையிடுவீர்கள் என்று கேட்டதற்கு, தாங்கள் கங்காணியிடம் சொல்வதாகவும் அவர் துரையிடம் சொல்வார் என்றும் கூறிச் சிரித்தார்.

கேள்வி-பதிலாக மாற்றினால்:

நிருபர்: மழை நாளில் கூலி எப்படி?

பாட்டி: நெறை கொறஞ்சா அரைப்பேருதான் போடுவாங்க.

நிருபர்: யாரிடம் முறையிடுவீர்கள்?

பாட்டி: நாங்க கங்காணிகிட்ட சொல்லுவோம். அவரு தொரைகிட்ட சொல்லுவாரு. (சிரிக்கிறார்)

மாறியவற்றைப் பாருங்கள். 'என்றார்', 'கூறி' எல்லாம் உதிர்ந்தன. அந்த வேலையை முன்னால் வரும் பெயரே செய்துவிடுகிறது. 'தாங்கள்' 'நாங்க' ஆனது. சிரிப்பு அடைப்புக்குறிக்குள் போனது. அரைப்பேர் என்றால் அரை நாள் கூலி என்பது வெளியூர் வாசகருக்குத் தெரியாது. அந்த விளக்கத்தைப் பாட்டியின் வாயில் திணிக்காமல் முன்னுரையில் சொல்லிவிடலாம்.

சிக்கல் முதல் கேள்வியில் இருக்கிறது. பத்தியில் அது இல்லவே இல்லை. பாட்டி தானாகச் சொன்னாரா, கேட்டதால் சொன்னாரா என்பது ஒலிப்பதிவைக் கேட்டால்தான் தெரியும். தானாகச் சொல்லியிருந்தால் அங்கே கேள்வி போடக்கூடாது. நிருபர் கேட்டு வாங்கிய குறை போல அது மாறிவிடும். அப்போது அந்த வாக்கியத்தை அதற்கு முந்தைய பதிலோடு சேர்த்துவிடுங்கள். பாட்டியின் பேச்சுவழக்கிலும் இதே சிக்கல்தான். பத்தி எழுத்துத் தமிழில் இருக்கிறது. 'கொறஞ்சா' என்பதை ஒலிப்பதிவிலிருந்து எடுக்கவேண்டும், நாமாக ஊகித்து எழுதக்கூடாது.

பெயர்களைத் தடிப்பாக்குவதைக் கடைசியில் வைத்துக்கொள்வது நல்லது. முதலில் ஒவ்வொரு பேச்சையும் தனிப் பத்தியாக்கி, முன்னால் பெயரும் முக்காற்புள்ளியும் இடுங்கள். வேர்டில் Ctrl+H அழுத்தி, Find what பெட்டியில் `பாட்டி:` என்றும் Replace with பெட்டியில் `^&` என்றும் தட்டச்சு செய்யுங்கள். `^&` என்றால் தேடிக் கிடைத்த சொல்லையே திரும்ப இடு என்று பொருள். கர்சர் அதே பெட்டியில் இருக்கும்போதே Ctrl+B அழுத்தினால் கீழே Bold என்று தெரியும். முதலில் ஒரே ஓர் இடத்தில் மாற்றிப் பாருங்கள். தமிழ் எழுத்து தடிக்கவில்லையென்றால், Format, Font வழியாகப் போய் Complex scripts பகுதியிலும் Bold தேர்ந்தெடுக்க வேண்டும். முக்காற்புள்ளியையும் சேர்த்துத் தேடுவதால், பேச்சுக்கு நடுவே வரும் 'பாட்டி' தடிக்காது. ஓரிடத்தில் பாட்டி, இன்னோரிடத்தில் அம்மா என்று பெயர் மாறியிருந்தால் அந்த வரி விடுபட்டுப் போகும். ஒரே பெயரை வைத்துக்கொள்ளுங்கள்.

தடித்த பெயருக்குப் பின்னால் வருவதை அவரே சொன்ன சொல்லாகத்தான் வாசகர் படிப்பார். ஒலிப்பதிவோ முழுக் குறிப்போ கையில் இல்லையென்றால் பேட்டியைப் பத்தியாகவே விட்டுவிடுங்கள்.