படுக்கையறைக்குக் காற்றாடி வாங்கப் போகிறீர்களா?

தோழர்களே, விடியுமுன் பெரட்டுக்கு எழ வேண்டியவர் ராத்திரி முழுக்க வேர்வையில் புரண்டு கிடந்தால் உடம்பு என்னத்துக்கு ஆகும்?

காற்றாடி அறையைக் குளிர வைப்பதில்லை. மேலிலுள்ள வேர்வையைக் காய வைத்துத்தான் நம்மைக் குளிர்விக்கிறது. நம் நாட்டு ஈரக்காற்றில் வேர்வை லேசில் காயாது. ஆகவே கடையில் முதலில் கேட்க வேண்டியது, நிமிடத்துக்கு எத்தனை கன மீட்டர் காற்று தள்ளும் என்பதே. பத்துக்குப் பத்தடி அறைக்கு 48 அங்குலக் காற்றாடியில் 200க்கு மேல் இருந்தால் போதும். இறக்கையின் அழகைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

அடுத்தது கரண்டுச் செலவு. சாதாரண ஏசி மோட்டார் 70 வாட் இழுத்தால், டிசி மோட்டார் ஏறக்குறைய அதே காற்றை 30 வாட்டில் தரும். தினம் 8 மணி நேரம் ஓடினால் மாதம் 17 யூனிட்டுக்குப் பதில் 7தான். யூனிட் 30 சென் என்று வைத்தால் மிச்சம் 3 வெள்ளி. டிசிக்கு 100 வெள்ளி கூடக் கேட்டால், அதை எடுக்க 33 மாதம் ஆகும்! பகலிலும் ஓடும் வீடானால் சீக்கிரம் கட்டும். ஆனால் டிசிக்குள் ஒரு எலக்ட்ரானிக் பலகை உண்டு. இடி மின்னலில் அது போனால் செலவு அதிகம். உத்தரவாதத்தைக் கேட்டு வாங்குங்கள்.

பழைய ஏசி காற்றாடி மெதுவாகச் சுற்றுதா? சுவிட்சை அடைத்துவிட்டுக் கம்பால் இறக்கையைத் தள்ளிப் பாருங்கள். தாராளமாகச் சுற்றினால், பெரும்பாலும் கெப்பாசிட்டர்தான் தேய்ந்திருக்கும். வயர்மேனிடம் சொல்லி மாற்றினால் சில வெள்ளியோடு போச்சு. இறுக்கமாக இருந்தால் பேரிங் கோளாறு.