அரைச் சுற்றில் பிடிக்கும் அலமாரி

ஆறடிப் புத்தக அலமாரி ஒன்று போன மாதம் வீட்டுக்கு வந்தது, ஒரு சாண் கனம்கூட இல்லாத அட்டைப் பெட்டியில். உள்ளே பார்ட்டிகிள் போர்டு பலகைகள், முதுகுக்கு மெல்லிய அட்டை, ஒரு பை உதிரிகள், எழுத்தே இல்லாத படப் புத்தகம். 45 நிமிட வேலை என்று போட்டிருந்தது. நானும் தங்கையும் மாட்டி முடிக்க இரண்டரை மணி நேரம் ஆனது.

பையில் இருந்த ஒரே கருவி ஆலன் கீ. ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர், சின்னச் சுத்தியல், இஞ்ச் டேப் எல்லாம் நம்முடையவை. டிரில் மெஷினால் முடுக்க வேண்டாம். மரத்தூளைப் பசையில் அழுத்திச் செய்த பலகை இது. வேகமாக முடுக்கினால் ஓட்டை பொடிந்து, ஸ்க்ரூ சும்மா சுற்றும்.

இணைப்பின் உயிர் கேம் லாக். பக்கப் பலகையில் ஒரு போல்ட்டைத் திருகி நிறுத்த வேண்டும். தட்டுப் பலகையில் ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சிறிய, வட்டமான உலோகப் பூட்டைப் பதிக்க வேண்டும். பூட்டின் மேலுள்ள அம்புக்குறி பலகையின் விளிம்பைப் பார்த்து இருந்தால்தான் போல்ட்டின் தலை உள்ளே நுழையும். பிறகு வலப்பக்கமாக ஏறக்குறைய அரைச் சுற்று. போகப் போக இறுகினால் சரி. தடையே இல்லாமல் சுற்றினால் போல்ட் எட்டவில்லை என்று அர்த்தம். பலகையை இன்னும் நெருக்கித் தள்ள வேண்டும். பூட்டு பலகைகளை இழுத்துப் பிடிக்க மட்டும்தான். புத்தகத்தின் பாரத்தைத் தாங்குவதில் பெரும்பங்கு பக்கத்தில் செருகும் மரக்குச்சிகளுக்கு. ஆகவே ஒன்றைக்கூட விடக்கூடாது.

எங்களுக்கு நேரம் போனது ஏழாவது படத்தில். அடித்தட்டின் ஒட்டுப் போடாத விளிம்பை முன்பக்கம் வைத்து மாட்டியிருந்தோம். அந்த விளிம்பைப் படத்தில் லேசாக நிழலிட்டுத்தான் காட்டியிருந்தார்கள். இதைத் தனியே பெரிதாக்கி, சரி, தவறு என்று இரண்டாக வரைந்திருந்தால் தப்பியிருப்போம். என் கணக்கில் நல்ல படப் புத்தகத்துக்கு அதுவே அடையாளம். ஸ்க்ரூக்களை அசல் அளவிலேயே வரைந்திருந்தது மட்டும் பெரிய உதவி. படத்தின் மேல் வைத்துப் பார்த்தே நீளமானதைப் பிரித்துவிட்டோம். அதைத் தவறான இடத்தில் திருகினால் பலகையின் மறுபக்கம் முனை எட்டிப்பார்க்கும். நல்லவேளை, பூட்டை இடப்பக்கம் திருப்பினால் கழன்றுவிடும்.

முதுகு அட்டைக்கு ஆணி அடிக்குமுன் மூலைக்கு மூலை அளந்தோம். ஒன்று 197.3 செ.மீ., மற்றது 196.7. அலமாரி கோணியிருந்தது. நீளமான பக்கத்து மூலைகளை உள்நோக்கி அழுத்தி, இரண்டும் 197 ஆன பிறகே ஆணி. அப்படியே அடித்திருந்தால் அந்தக் கோணல் நிலைத்திருக்கும்.

சுவரோடு பிணைக்கும் சிறு பட்டை பையில் இருந்தது. சுவரில் அடிக்கும் பிளக்கும் ஸ்க்ரூவும் இல்லை. மறுநாள் ஹார்டுவேர் கடையில் வாங்கி மாட்டிய பிறகுதான் புத்தகங்களை அடுக்கினோம்.